"வெறும் வயிற்றில் நான்கு வேளை": மருந்துச் சீட்டை நான் தமிழில் எழுதியதில் எங்கே தவறு?

வானதி | 4 மார்ச், இரவு 9.10

என் மாமியாருக்கு வயது 71. சர்க்கரை நோய் உண்டு. காலில் தோல் சிவந்து வீங்கியதால் 2ஆம் தேதி மதியம் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஃப்ளூக்ளோக்சசிலின் 500 மில்லிகிராம், 28 கேப்சூல். டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டு முழுக்க ஆங்கிலம். அத்தைக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். அதனால் நானே தமிழில் எழுதி டப்பாமேல் ஒட்டினேன்:

"தினமும் நான்கு வேளை ஒன்று. வெறும் வயிற்றில். சாப்பிட்டபின் போடக் கூடாது. எல்லாம் தீரும்வரை போடவும்."

இன்று மாலை 4 மணிக்கு அத்தைக்குக் கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. கருவியில் பார்த்தால் சர்க்கரை 56. நான்கு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். பதினைந்து நிமிடம் கழித்து 88. அப்புறம் சாப்பிட்டார், தெளிந்துவிட்டார்.

விசாரித்தால், மதியம் சாப்பிடவே இல்லை. "வெறும் வயித்துல போடணும்னு நீதானேம்மா எழுதியிருக்க" என்றார். ஒரு மணிக்குக் கேப்சூலைப் போட்டுவிட்டு, அதற்குப் பின்னும் சாப்பிடாமலே இருந்திருக்கிறார். காலையில் சர்க்கரைக்கு கிளிக்ளசைடு போட்டிருந்தார்.

சீட்டில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் சரியாகத்தான் தமிழில் எழுதினேன் என்று நினைக்கிறேன். எங்கே போனது தவறு? அதைவிட, நான்கு முறையும் வெறும் வயிறு என்றால் ஒருவர் எப்போதுதான் சாப்பிடுவது?

கதிரவன் | 4 மார்ச், இரவு 9.22

நான்கு வேளை என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. நள்ளிரவு 12, காலை 6, பகல் 12, மாலை 6. அலாரம் வையுங்கள். இடைவெளி தவறினால் ஆன்டிபயாடிக் போட்டும் பயன் இல்லை. என் அப்பாவுக்கு மருத்துவமனையில் நடு இரவில் எழுப்பித்தான் கொடுத்தார்கள்.

சேது | 4 மார்ச், இரவு 9.35

முப்பது வருடம் மருந்தாளுநராக இருந்தவன். முதலில் இன்றிரவுக்கானதைச் சொல்கிறேன், மொழியை அப்புறம் பார்க்கலாம்.

இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்? 7 மணி வாக்கில் என்றால் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது, இப்போதே ஒன்று கொடுக்கலாம். உட்கார வைத்து, ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு. விழுங்கியதும் படுக்க விடாதீர்கள். தூங்கப் போகும் முன் சர்க்கரையை இன்னொரு முறை பாருங்கள். கிளிக்ளசைடு ஒரே மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு போகிற மருந்து இல்லை; மறுபடியும் இறங்கலாம். 70க்குக் கீழே போனால் இன்று செய்ததையே திரும்பச் செய்யுங்கள். மயக்கம், குழறல் வந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் அவசர உதவியைக் கூப்பிடுங்கள். காலையில் மருத்துவரிடம் இந்த 56 பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள்.

அடுத்து, டப்பாவைத் திறந்து எண்ணுங்கள். எத்தனை மீதி?

வானதி | 4 மார்ச், இரவு 9.58

7 மணிக்குத்தான் சாப்பிட்டார். ஒன்று கொடுத்தாயிற்று, உட்கார்ந்திருக்கிறார். சர்க்கரை 131.

எண்ணினேன், இப்போது கொடுத்தது போக 20.

சேது | 4 மார்ச், இரவு 10.05

2ஆம் தேதி மதியம் தொடங்கியது என்றால் அன்று இரண்டு, நேற்று நான்கு, இன்று நான்கு. பத்து போயிருக்க வேண்டும், 18 மிஞ்ச வேண்டும். 20 இருக்கிறது. ஆக, இரண்டு முறை தவறியிருக்கிறது. ஒருவரிடம் "ஒழுங்காகப் போடுகிறீர்களா" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். டப்பாவை எண்ணினால் தெரிந்துவிடும்.

தவறிய இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம். இனிமேல் முறைப்படி போகட்டும்.

வானதி | 5 மார்ச், காலை 8.15

தூங்கி எழுந்ததும் சர்க்கரை 118. மருத்துவரிடம் பேசினேன். கிளிக்ளசைடைக் காலை உணவோடு கொடுங்கள், எந்த வேளைச் சாப்பாட்டையும் விட வேண்டாம், ஒரு வாரத்துக்கு மாலையிலும் சர்க்கரை பாருங்கள் என்றார்.

அத்தையிடம் பொறுமையாகக் கேட்டேன். அவர் புரிந்துகொண்டது இப்படி. "நாலு வேளை" என்றதும், "நாம சாப்பிடறதே மூணு வேளை, நாலாவது எது?" என்று குழம்பியிருக்கிறார். நேற்று முன்தினம் ஒன்று விட்டுப்போனது அதனால்தான். "வெறும் வயிறு" என்றதும், காலையில் பல் தேய்த்தவுடன் இருக்கிற வயிறு என்று எடுத்திருக்கிறார். மதியமும் வயிற்றை அதே நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று பட்டினி. "சாப்பிட்டபின் கூடாது" என்று நான் எழுதியதை, போட்டபின்னும் சாப்பிடக் கூடாது என்று சேர்த்துக்கொண்டார்.

ஆங்கிலச் சீட்டை எடுத்து மறுபடி பார்த்தேன். "எம்ப்டி ஸ்டமக்" என்பதற்கு அடுத்த வரியில் சின்ன எழுத்தில் விளக்கமே இருக்கிறது: உணவுக்கு ஒரு மணி நேரம் முன், அல்லது உணவுக்குப் பின் இரண்டு மணி நேரம் கழித்து. அதை நான் எழுதவே இல்லை. வெறும் வயிறு என்றாலே எல்லோருக்கும் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

இளவேனில் | 5 மார்ச், காலை 9.40

நோயாளிகளுக்கான தாள்களை மொழிபெயர்ப்பது என் வேலை. நீங்கள் சொன்ன இரண்டு சொற்களிலும் நானும் இடறியிருக்கிறேன்.

"வேளை" நம் காதில் சாப்பாட்டோடு ஒட்டியே விழும். மூன்று வேளை மாத்திரை என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை, சாப்பாடும் மூன்று என்பதால். எண்ணிக்கை நான்கு ஆனதும் அந்தச் சொல் உதவாமல் போகிறது. "நான்கு முறை" அல்லது "நான்கு தடவை" என்றால் சாப்பாட்டின் நிழல் விழாது. அதைவிட நல்லது, எண்ணிக்கையையே விட்டுவிட்டு மணியை எழுதிவிடுவது.

"வெறும் வயிறு" இன்னும் சிக்கல். ஆங்கிலச் சீட்டில் அது ஓர் இடைவெளியைச் சொல்கிறது. பகல் 11 மணிக்கும் அது இருக்கலாம், மாலையிலும் இருக்கலாம். நாம் பேசும்போது அது விடிகாலைக்கு மட்டும் உரியது. வயிறு உண்மையிலேயே காய்ந்து கிடக்க வேண்டும் என்ற பொருளும் உள்ளே இருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் அந்தச் சொல்லையே தொடுவதில்லை. "சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். போட்டபின் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடலாம், சாப்பிட வேண்டும்" என்று எழுதுகிறேன். கடைசியில் வரும் அந்த "சாப்பிட வேண்டும்" உங்கள் அத்தைக்கு மிகவும் தேவை.

இன்னொன்று. "நான்கு வேளை ஒன்று" என்ற வரிசையும் ஆபத்துதான். எண்கள் பக்கம் பக்கமாக நிற்கும்போது, ஒரு வேளைக்கு நான்கு என்று படித்தவர்கள் உண்டு. "ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேப்சூல்" என்று தனியாக ஒரு வரி போடுங்கள்.

முத்து | 5 மார்ச், காலை 10.20

எனக்கும் வெறும் வயிற்றில் போடத்தான் சொன்னார்கள், வயிற்று எரிச்சலுக்குப் பேன்டோப்ரசோல். நான் இரவு படுக்கும் நேரத்தில் போடுகிறேன். அப்போதுதான் வயிறு காலி. ஒரு தொந்தரவும் இல்லை. அத்தைக்கு நான்கையும் இரவிலேயே மாற்றிவிட்டால் சாப்பாட்டுக் குழப்பம் இருக்காதே?

சேது | 5 மார்ச், காலை 11.05

முத்து, வேண்டவே வேண்டாம். நான்கையும் இரவில் போட்டால் பகல் முழுக்க உடம்பில் மருந்து இருக்காது.

உங்கள் மாத்திரை வேறு கதை. சீட்டை எடுத்துப் பாருங்கள், "உணவுக்கு முன்" என்றுதான் இருக்கும். பேன்டோப்ரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடுவதற்குக் காரணம், பின்னால் சாப்பாடு வருகிறது என்பதுதான். வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்புகள் உணவு வந்ததும் சுறுசுறுப்பாகும், அந்த நேரத்தில் மருந்து இரத்தத்தில் தயாராக இருந்தால் அவற்றைப் பிடித்து நிறுத்தும். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் தூங்கினால் பலன் குறையும். ஒரு தொந்தரவும் இல்லை என்கிறீர்கள், நல்லது. ஆனாலும் உங்கள் மருத்துவரிடம் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், சிலருக்குக் காரணத்தோடு இரவில் கொடுப்பதும் உண்டு.

வானதி அவர்களின் மருந்தில் உணவு எதிரி. சாப்பாட்டோடு கலந்தால் ஃப்ளூக்ளோக்சசிலின் குடலிலிருந்து உள்ளே போவது தாமதமாகும், குறையும். அதனால்தான் இடைவெளி. இரண்டு சீட்டையும் "வெறும் வயிறு" என்று ஒரே சொல்லால் தமிழில் எழுதினால் இந்த வித்தியாசம் அழிந்துபோகும்.

கதிரவன் சொன்னதற்கும் வருகிறேன். இடைவெளி முக்கியம் என்பது உண்மை. இந்த மருந்து உடம்பில் நிற்பது கொஞ்ச நேரம்தான். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். கிருமியைக் கொல்வதற்கு ஒரே நேரத்தில் நிறைய இருப்பதைவிட, போதுமான அளவு நீண்ட நேரம் இருப்பதுதான் வேண்டும். அதனால்தான் ஒரு நாளைக்கு நான்கு. ஆனால் வீட்டில் வாயால் சாப்பிடும் மருந்துக்கு "நான்கு முறை, நாள் முழுக்கச் சமமாகப் பிரித்து" என்று சீட்டு சொன்னால், விழித்திருக்கும் நேரத்தைப் பிரிப்பது என்றுதான் நாங்கள் விளக்குவோம். 71 வயதில், சர்க்கரையோடு, நள்ளிரவில் எழுந்து நடந்து விழுந்துவிட்டால் யார் பொறுப்பு?

கதிரவன் | 5 மார்ச், பகல் 12.30

மருந்து ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் எட்டு மணி நேரம் தூங்கினால் என்ன மிஞ்சும்? என் வாதத்தைத்தான் வலுவாக்குகிறீர்கள்.

சேது | 5 மார்ச், பகல் 1.10

நியாயமான கேள்வி. விடிகாலையில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. ஒரு நாள் முழுக்க ஒரே அளவு நிற்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை, நாளில் ஒரு பகுதி நேரம் போதுமான அளவு இருந்தாலே சாதாரணத் தோல் தொற்றுக்குப் பெரும்பாலும் போதும். உங்கள் அப்பாவுக்கு ஊசி வழியாகக் கொடுத்திருப்பார்கள், நோயும் கடுமையாக இருந்திருக்கும். அங்கே நடு இரவு மருந்துக்குக் காரணம் உண்டு. மருத்துவர் "ஆறு மணி நேரத்துக்கு ஒன்று" என்று எழுதியிருந்தால் நானும் அவரைக் கேட்காமல் மாற்ற மாட்டேன். இங்கே அப்படி எழுதவில்லை.

கதிரவன் | 5 மார்ச், பகல் 1.25

எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் விழுவதைப் பற்றி யோசிக்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

வானதி | 5 மார்ச், மாலை 4.50

ஓர் அட்டவணை போட்டேன். காலை 6 ஒன்று, 7க்குச் சாப்பாடு. 11.30 ஒன்று, 12.30க்குச் சாப்பாடு. மாலை 5.30 ஒன்று, 7க்குச் சாப்பாடு. இரவு 10 ஒன்று, 10.30க்குப் படுக்கை. இடைவெளிகள் ஐந்தரை, ஆறு, நாலரை, எட்டு. எல்லாச் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரம் முன்பு, இரண்டு மணி நேரம் பின்பு சரியாக வருகிறது. ரொம்பத் திருப்தியாக இருந்தது.

வானதி | 5 மார்ச், இரவு 9.20

அட்டவணை முதல் நாளே உடைந்தது. அத்தை 9 மணிக்கே தூங்கிவிட்டார்! அவர் எப்போதும் 9 அல்லது 9.15க்குப் படுத்துவிடுவார், விடிகாலை 5க்கு எழுந்துவிடுவார். நான் போட்டது என் தூக்கத்துக்கான அட்டவணை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இது தோன்றவில்லை. எழுப்பிக் கொடுக்கவா?

சேது | 5 மார்ச், இரவு 9.31

இப்போதுதான் தூங்கினார் என்றால் எழுப்பிக் கொடுங்கள். நன்றாகத் தெளிந்து உட்காரட்டும். அரைத்தூக்கத்தில் ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கினால் கேப்சூல் உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு எரிச்சலையும் வலியையும் உண்டாக்கும். இந்த மருந்தின் தாளிலேயே அந்த எச்சரிக்கை இருக்கிறது: முழு டம்ளர் தண்ணீர், விழுங்கியதும் படுக்கக் கூடாது.

நாளைக்கு 5 மணியிலிருந்து கணக்குப் போடுங்கள். எழும் நேரத்தையும் படுக்கும் நேரத்தையும் முதலில் எழுதி, பிறகு சாப்பாட்டை எழுதி, மிச்சம் இருக்கும் இடைவெளிகளில் மருந்தை வையுங்கள். மருந்தை முதலில் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

நிர்மலா | 5 மார்ச், இரவு 10.15

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எனக்குத் தைராய்டு மாத்திரை. அதிலும் "வெறும் வயிற்றில்". எழுந்ததும் போட்டேன், சரியாகத்தான் செய்தேன் என்று நம்பினேன். ஆனால் கூடவே கால்சியம் மாத்திரையையும் விழுங்கிவிடுவேன், ஒரே வேலையாக முடியட்டும் என்று. ஆறு மாதம் இரத்தப் பரிசோதனை சரியாகவே வரவில்லை, மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில் ஒரு மருந்தாளுநர்தான் "வேறு என்ன போடுகிறீர்கள்" என்று கேட்டார். இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விடச் சொன்னார். அதன்பின் பரிசோதனை சரியானது, அளவைக் குறைத்தார்கள்.

வயிறு வெறுமையாக இருக்க வேண்டும் என்றால் மற்ற மாத்திரையும் இருக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது காலையில் அவசரமாகக் கிளம்ப வேண்டியிருக்கிறது, தைராய்டை இரவுக்கு மாற்றலாமா?

சேது | 6 மார்ச், காலை 7.45

மாற்றலாம், பலர் அப்படிச் செய்கிறார்கள். கடைசியாகச் சாப்பிட்டுக் குறைந்தது மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், கால்சியம் அந்தப் பக்கம் வரக் கூடாது. ஒரு நாள் காலை, ஒரு நாள் இரவு என்று மாற்றி மாற்றிப் போடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள், சில வாரம் கழித்து இரத்தம் பார்ப்பார்கள்.

கவனித்தீர்களா, உங்களுக்கு மூன்று மணி, வானதியின் அத்தைக்கு இரண்டு மணி, முத்துவுக்கு அரை மணி. மூன்று பேர் வீட்டிலும் அதை "வெறும் வயிறு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

வானதி | 6 மார்ச், காலை 10.10

5 மணியிலிருந்து போட்ட கணக்கு இது. அத்தையின் சாப்பாட்டு நேரம் எதையும் மாற்றவில்லை.

5.00 எழுந்ததும் கேப்சூல். 7.00 காலை உணவு, அதோடு சர்க்கரை மாத்திரை.
10.30 கேப்சூல். 12.00 மதிய உணவு.
3.30 கேப்சூல். 4.30க்கு மேல் ஏதாவது கொறிக்கலாம். 6.30 இரவு உணவு.
8.45 கேப்சூல், நாற்காலியில் உட்கார்ந்து. 9.15 படுக்கை.

இடைவெளி ஐந்தரை, ஐந்து, ஐந்தேகால், தூக்கத்துக்கு எட்டேகால். ஒன்றுக்கொன்று மோதவில்லை. காலை உணவுக்கும் 10.30க்கும் நடுவே எதையாவது கொறிப்பதாக இருந்தால் 8.30க்குள் முடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இளவேனில் | 6 மார்ச், காலை 11.00

அட்டவணையை அத்தையிடம் கொடுத்து "புரிகிறதா" என்று கேட்காதீர்கள். புரிகிறது என்பார். "நாளைக்குக் காலையிலிருந்து என்ன செய்வீர்கள், எனக்குச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் வாயால் வரட்டும். நான் எழுதிய எந்தத் தாளையும் இப்படி இரண்டு மூன்று பேரிடம் சொல்லச் சொல்லிக் கேட்காமல் அனுப்புவதில்லை.

வானதி | 6 மார்ச், பகல் 1.40

கேட்டேன். மூன்றையும் அழகாகச் சொன்னார். நான்காவதில் மாட்டினார். தாளில் நான் "படுக்கும்போது (8.45)" என்று தலைப்புப் போட்டிருந்தேன். அவர் "படுத்துட்டு, தலைமாட்டுல டம்ளர் வச்சுக்கிட்டுப் போட்டுக்கறேன்" என்றார். அதற்காக டம்ளரைக் கட்டில் பக்கத்தில் எடுத்தும் வைத்துவிட்டார். உட்கார்ந்து என்று கீழே எழுதியது அவர் கண்ணில் படவே இல்லை, தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்.

நான் கேட்டிருக்காவிட்டால் சேது சார் எச்சரித்தது அப்படியே நடந்திருக்கும். "படுக்கும்போது" என்பதை அடித்துவிட்டு "படுக்கப் போவதற்கு அரை மணி நேரம் முன்பு, நாற்காலியில்" என்று எழுதினேன். டம்ளரைச் சமையலறைக்கு மாற்றினேன். தண்ணீர் அங்கே இருந்தால் அவரும் அங்கேதான் போக வேண்டும்.

இளவேனில் | 6 மார்ச், பகல் 2.05

"பெட்டைம்" என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ஒற்றைச் சொல் தேடி நானும் அலுத்துவிட்டேன். "உறங்கும் வேளை" என்றால் உறக்கத்தின் நடுவே என்றும் படலாம். "படுக்கும்போது" உங்கள் அத்தை எடுத்துக்கொண்டபடி ஆகிறது. "இரவில்" என்றால் இரவு உணவோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள், நம் வீடுகளில் இரவு மருந்து என்றாலே சாப்பாட்டுக்குப் பின் என்று பழக்கம். மணி போடாமல் இதைச் சொல்ல எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

வானதி | 7 மார்ச், மாலை 6.05

இன்று ஒரு தவறு, என்னால். அத்தையை வெளியே கூட்டிப்போனேன், 3.30 கேப்சூலை எடுத்துப்போகவில்லை. 5 மணிக்கு அத்தை பசிக்கிறது என்று சாப்பிட்டுவிட்டார். வீட்டுக்கு வந்தால் 5.50. இப்போது போட்டால் சாப்பிட்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும். விட்டுவிடவா, 8.45க்கு இரண்டாகக் கொடுக்கவா?

சேது | 7 மார்ச், மாலை 6.12

இரண்டாக வேண்டாம். விடவும் வேண்டாம். இப்போதே ஒன்று கொடுங்கள், 6.30க்குச் சாப்பாட்டைத் தள்ளாமல் கொடுத்துவிடுங்கள். உணவு வயிற்றில் இருந்தால் மருந்து குறைவாக உள்ளே போகும், ஒன்றும் போகாது என்று பொருள் இல்லை. போடாமல் விடுவதைவிடச் சாப்பாட்டோடு போடுவது மேல். அடுத்ததை 8.45க்குப் பதில் 9.15க்குக் கொடுத்து, படுக்கையை அரை மணி தள்ளுங்கள். இதே கேள்வியை 8 மணிக்குக் கேட்டிருந்தால், அடுத்தது நெருங்கிவிட்டது, விட்ட ஒன்றை விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

கதிரவன் | 7 மார்ச், இரவு 7.30

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். 2018இல் நியூசிலாந்தில் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. நலமாக இருக்கும் சிலருக்கு ஃப்ளூக்ளோக்சசிலினைச் சாப்பாட்டோடும், சாப்பாடு இல்லாமலும் கொடுத்து இரத்தத்தில் அளந்திருக்கிறார்கள். சாப்பாட்டோடு போட்டால் உச்ச அளவு குறைகிறது, ஆனால் பெரும்பாலான சூழ்நிலைகளில் தேவையான அளவு கிடைத்துவிடுகிறது என்று முடிக்கிறார்கள். அப்படியானால் இத்தனை மணிக்கணக்கும் எதற்கு? நேரத்துக்கு மட்டும் போட்டால் போதாதா?

சேது | 7 மார்ச், இரவு 8.20

அந்த ஆய்வைப் படித்திருக்கிறேன். நல்ல ஆய்வு, சின்னது. அதில் இருந்தவர்கள் நலமாக இருந்தவர்கள். சர்க்கரையோடு காலில் தொற்று வந்த 71 வயதுக்காரரை அதை வைத்து முடிவு செய்ய எனக்குத் துணிவு இல்லை. இடைவெளியைக் கடைப்பிடிக்க முடியாமல் மருந்தையே விடுகிறவரிடம் "சாப்பாட்டோடு போடுங்கள், பரவாயில்லை" என்று சொல்ல அது எனக்குக் கை கொடுக்கிறது. கடைப்பிடிக்க முடிகிறவரிடம் சீட்டில் உள்ளபடியே சொல்வேன். என்னோடு வேலை பார்த்தவர்களில் சிலர் இதில் உங்கள் பக்கம்தான் இருப்பார்கள்.

முத்து | 8 மார்ச், காலை 9.00

என் சீட்டைத் தேடி எடுத்தேன். "உணவுக்கு முன், காலை" என்று இருக்கிறது. "காலை" என்ற சொல்லை நான் பார்க்கவே இல்லை, மூன்று மாதமாக இரவில் போட்டிருக்கிறேன். இன்று காலை போட்டு அரை மணி கழித்துச் சாப்பிட்டேன். மருத்துவரிடமும் சொல்லப் போகிறேன்.

வானதி | 9 மார்ச், இரவு 9.05

கடைசிக் கேப்சூல் போனது. 5ஆம் தேதியிலிருந்து நாளுக்கு நான்கு, ஐந்து நாளில் இருபது. ஒன்றும் தவறவில்லை. ஒவ்வொரு இரவும் எண்ணினேன், எண்ணிக்கை ஒத்துப்போனது. மாலைச் சர்க்கரை ஒரு நாளும் 100க்குக் கீழே இறங்கவில்லை.

காலில் முதல் நாளே சிவப்பின் ஓரமாக மருத்துவர் பேனாவால் கோடு போட்டிருந்தார். சிவப்பு அந்தக் கோட்டுக்குள் நன்றாகச் சுருங்கிவிட்டது, சூடும் இல்லை. நாளை காட்டப் போகிறோம். முதல் மூன்று நாளில் இரண்டு தவறியதையும் சொல்லப் போகிறேன், இன்னும் சில நாள் வேண்டுமா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வானதி | 10 மார்ச், பகல் 12.50

மேற்கொண்டு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றார், மறுபடி சிவந்தால் உடனே வரச் சொன்னார். கால் எரிச்சலுக்காகப் புதிதாக ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார், அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். சீட்டில் ஒரே வரி: இரவில் ஒன்று.

வாங்கிய இடத்திலேயே நின்று கேட்டேன். இரவு என்றால் எத்தனை மணி, சாப்பிட்ட பின்பா, படுப்பதற்கு எவ்வளவு முன், அத்தை 9.15க்குப் படுப்பார் என்று. கொடுத்த பெண் ஒரு நொடி யோசித்து, சாப்பாட்டோடு இதற்குச் சம்பந்தம் இல்லை, தூக்கம் வரவைக்கும், ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட்டால் காலையில் மந்தமாக இருக்காது, இரவில் எழுந்தால் மெதுவாக எழச் சொல்லுங்கள் என்றார். தாளில் "7.45, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஒன்று" என்று எழுதி அத்தையிடம் கொடுத்து, சொல்லிக் காட்டச் சொன்னேன்.

"எட்டடிக்கக் கால் மணி இருக்கறப்ப, சமையக்கட்டுல நின்னு" என்றார்.

நின்று என்று நான் எழுதவில்லை. உட்கார்ந்து என்று மாற்றினேன்.